ஆர்டரை நாமே போடுவதா, சப்ளையரிடமே விட்டுவிடுவதா?

ஏழெட்டுக் கிளைகள், நடுவில் ஒரு குடோன் என்று சூப்பர் மார்க்கெட் நடத்துகிறவர்களிடம் ஏதாவது ஒரு பெரிய கம்பெனியின் ஆள் வந்து உட்கார்ந்து இப்படிச் சொல்லுவார்: "சார், உங்க விற்பனையையும் கையிருப்பையும் தினமும் எங்களுக்கு அனுப்பிடுங்க. எந்த ஐட்டம் எவ்வளவு வரணும், எப்ப வரணும்னு நாங்களே பார்த்துக்கிறோம். நீங்க ஆர்டரே போட வேண்டாம்." இதற்குப் பெயர் வெண்டார் மேனேஜ்டு இன்வென்டரி, சுருக்கமாக வி.எம்.ஐ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பர்ச்சேஸில் ஆள் மிச்சம், ரேக் காலியாக இருக்காது, குடோனில் அடைசல் குறையும். ஆனால் சரி என்று தலையாட்டுவதற்கு முன்னால், உங்கள் முன் இருப்பது "ஆமாம், இல்லை" என்ற இரண்டு பதில்கள் மட்டும் இல்லை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் வழி, இப்போது செய்வதுதான்: நம் ஆள் ஸ்டாக் பார்த்து நாமே ஆர்டர் போடுவது. இரண்டாவது, சப்ளையர் கணக்குப் பார்த்து ஆர்டரைத் தயாரித்து அனுப்புவார், நம் பர்ச்சேஸ் ஆள் பார்த்து, வேண்டிய இடத்தில் திருத்தி, ஓகே சொன்ன பிறகுதான் லோடு கிளம்பும். மூன்றாவது முழு வி.எம்.ஐ. அளவும் தேதியும் அவர் முடிவு, ஆனால் சரக்கு நம் குடோனில் இறங்கிய நிமிடம் பில் நம் பேரில். நான்காவதிலும் முடிவு அவருடையதுதான், ஆனால் விற்கும்வரை சரக்கும் அவருடையது. பில்லிங் கவுன்டரில் ஸ்கேன் ஆனால்தான் நாம் பணம் தர வேண்டும்.

மூன்றையும் நான்கையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். "அவர்தானே அனுப்புகிறார், விற்காவிட்டால் அவர் தலையில்தானே" என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். இல்லை. யார் முடிவு செய்கிறார் என்பது ஒரு கேள்வி, யார் பணம் முடங்குகிறது என்பது வேறு கேள்வி. மூன்றாவது வழியில் முடிவு அவருடையது, பணம் நம்முடையது. நான்கு வழிகளிலும் இந்த மூன்றாவதுதான் அதிகக் கவனம் கேட்கிற வழி, சப்ளையர்கள் பொதுவாக நீட்டுவதும் இதைத்தான்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சப்ளையருக்கு இதில் என்ன ஆசை என்பது புரிந்துவிடும். அமெரிக்காவில் பி அண்ட் ஜி கம்பெனி தன் பாம்பர்ஸ் டயப்பருக்கு வரும் ஆர்டர்களைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் டயப்பர் நனைக்கின்றன, கடையில் விற்பனையும் கிட்டத்தட்ட சீராகத்தான் போகிறது, ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து வரும் ஆர்டர் மட்டும் ஒரு வாரம் மலை, ஒரு வாரம் மடு. அந்த ஆர்டரை நம்பி ஃபேக்டரி மூலப்பொருள் வாங்கினால் அந்த ஏற்ற இறக்கம் இன்னும் பெரிதாகியது. கடை விற்பனையை நேரடியாகப் பார்க்க முடிந்தால் இந்தக் குதியாட்டம் இருக்காதே என்பதுதான் அவர்களுடைய கணக்கு. 1980களின் பிற்பகுதியில் வால்மார்ட்டுடன் அது கைகூடியது. வால்மார்ட் விற்பனைக் கணக்கைக் கொடுத்தது, பி அண்ட் ஜி தன் ஆட்களை வால்மார்ட் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே, அர்கன்சாஸ் மாநிலத்தில், குடியமர்த்திச் சரக்கு நிரப்பும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. ஆக, ஃபேக்டரி சீராக ஓடுவதும் லாரி நிரம்பிப் போவதும் சப்ளையருக்குக் கிடைக்கும் பலன். அது தப்பில்லை. ஆனால் "உங்களுக்காகச் செய்கிறோம்" என்று அவர் சொல்லும்போது, அவருக்கும் இதில் காசு மிச்சம் என்பதை மனதில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

சரி, நமக்கு என்ன கிடைக்கும்? ஒரு ஐட்டத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுவோம். டயப்பரே இருக்கட்டும், ஒரே ஒரு சைஸ். எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து நாளைக்குச் சராசரியாக 40 பாக்கெட் குடோனிலிருந்து போகிறது. சில நாள் 25, சில நாள் 55 என்று ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கத்தை நாளைக்குச் சுமார் 15 என்று வைத்துக்கொள்வோம். நம் ஆள் வாரம் ஒரு தடவை ஆர்டர் போடுகிறார், சரக்கு வர 3 நாள் ஆகிறது. அப்படியென்றால் ஒரு ஆர்டர் போடும்போது அவர் அடுத்த 10 நாளையும் யோசித்துப் போட வேண்டும், ஏனென்றால் அடுத்த ஆர்டரின் சரக்கு 10 நாள் கழித்துத்தான் கைக்கு வரும். நூற்றில் 95 தடவை ஸ்டாக் தீராமல் இருக்க, எதிர்பாராத விற்பனைக்கென்று தனியாக வைக்க வேண்டிய சரக்கு இது, இதில் 1.65 என்பது அந்த 95க்கான புள்ளியியல் எண்:

```
1.65 × 15 × √10 ≈ 78 பாக்கெட்
```

இதோடு வாராவாரம் வரும் 280 பாக்கெட்டில் சராசரியாகப் பாதி, அதாவது 140, எப்போதும் குடோனில் கிடக்கும். மொத்தம் 218.

வி.எம்.ஐ.யில் சப்ளையர் தினமும் நம் ஸ்டாக்கைப் பார்க்கிறார், 3 நாளுக்கு ஒரு முறை வண்டி விடுகிறார், 2 நாளில் சரக்கு வந்துவிடுகிறது. யோசிக்க வேண்டிய காலம் 5 நாளாகச் சுருங்குகிறது. அதே சூத்திரத்தில் 1.65 × 15 × √5, சுமார் 55. வருவது 120, அதில் பாதி 60. மொத்தம் 115. ஸ்டாக் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது, அதே 95 சதவீதப் பாதுகாப்பும் இருக்கிறது.

இந்தக் கணக்கில் சப்ளையரின் சாமர்த்தியம் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? அவர் நம்மைவிட நன்றாக விற்பனையைக் கணிப்பார் என்று நான் எதையும் சேர்க்கவில்லை. 15 அப்படியே 15தான். பலன் முழுக்க வந்தது அடிக்கடி பார்த்ததாலும் அடிக்கடி வண்டி வந்ததாலும்தான். நம் ஆளே வாரம் இரண்டு முறை ஆர்டர் போட்டு, சப்ளையரும் இரண்டு முறை வண்டி விடச் சம்மதித்தால், இதில் பெரும்பகுதி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கிடைத்துவிடும்.

பிறகு ஏன் எல்லாரும் அப்படிச் செய்வதில்லை? வண்டி. நம் ஒருவருடைய 120 பாக்கெட்டுக்காக 3 நாளுக்கு ஒரு முறை வண்டி விட்டால் அவருக்குக் கட்டாது. எப்போது, எவ்வளவு என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமை இருந்தால்தான், அதே ரூட்டில் இருக்கும் மற்றக் கடைகளின் சரக்கோடு சேர்த்து, இன்று உங்களுக்கு 100, பக்கத்து ஊர்க்காரருக்கு 140 என்று வண்டியை நிரப்ப முடியும். இது வி.எம்.ஐ.யால் மட்டும் வரும் உண்மையான மிச்சம். ஆகவே சப்ளையரிடம் முதலில் கேட்க வேண்டியது, "உங்கள் சாஃப்ட்வேர் என்ன செய்யும்" என்பதல்ல, "எங்கள் ஏரியாவுக்கு வாரத்தில் எத்தனை தடவை வண்டி வரும்" என்பதுதான். இப்போதும் வாரம் ஒன்று, வி.எம்.ஐ. வந்த பிறகும் வாரம் ஒன்று என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 103 பாக்கெட் குறைந்தது, ஒரு பாக்கெட்டுக்கு நாம் கொடுக்கும் விலை 600 ரூபாய் என்றால் ரூ. 61,800. ஆஹா என்று தோன்றும். ஆனால் சப்ளையர் நமக்கு 14 நாள் கிரெடிட் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையிலேயே 218 பாக்கெட் என்பது ஐந்தரை நாள் விற்பனை. சரக்கு விற்றுக் காசு கல்லாவுக்கு வந்து எட்டு நாளுக்கு மேல் கழித்துத்தான் அவருக்குக் கொடுக்கிறோம். அதாவது அந்த ஸ்டாக்கில் முடங்கியிருந்ததே அவர் பணம்தான். நமக்கு மிச்சமானது குடோன் இடமும் அடுக்கும் கூலியும்.

இதையே திருப்பிப் போட்டால் நான்காவது வழியின் மதிப்பு விளங்கும். வேகமாகப் போகும் ஐட்டத்தில் "விற்ற பிறகு பணம்" என்பதால் நமக்குப் பெரிய லாபமில்லை, கிரெடிட்டே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 45 நாள், 60 நாள் ரேக்கில் உட்காரும் ஐட்டங்கள் இருக்கின்றனவே, விலை உயர்ந்த ஃபேஸ் க்ரீம், ஹேர் கலரில் அபூர்வமான ஷேடுகள், டூத்பிரஷில் நாலாவது மாடல், அதில்தான் நம் பணம் உண்மையில் மாட்டிக்கொள்கிறது. அதை விற்ற பிறகு பணம் என்ற முறையில் வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், சப்ளையர் முகம் மாறும். அவர் வி.எம்.ஐ.க்கு ஆசைப்படுவது வேகமாகப் போகும் சரக்கில், நமக்கு அது அதிகம் உதவுவது மெதுவாகப் போகும் சரக்கில். இரண்டையும் சேர்த்துக்கட்டித்தான் பேச வேண்டும்: வேகமான ஐட்டத்தில் ஆர்டர் உரிமை உங்களுக்கு, மெதுவான ஐட்டத்தில் விற்கும்வரை சரக்கு உங்களுடையது. இந்த நான்காவது வழியில் நம் ஊரில் ஒரு சிக்கலும் உண்டு. விற்றால் பணம், இல்லையென்றால் திருப்பி என்ற பேரில் அனுப்பிய சரக்குக்கு, விற்காவிட்டாலும் அனுப்பிய தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் பில் போட்டாக வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். ஆறு மாதத்தைத் தாண்டிக் கிடக்கும் ஐட்டத்தை அதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஆடிட்டரைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள்.

இனி கெட்டுப்போகும் இடங்கள்.

முதலாவது, மாதக் கடைசி. டிஸ்ட்ரிபியூஷனில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, 25ஆம் தேதி தாண்டினால் சேல்ஸ் ரெப்பின் குரலே மாறிவிடும், டார்கெட் இன்னும் பாக்கி, ஒரு லோடு இறக்கிக்கொள்ளுங்கள், ஸ்கீம் தருகிறேன் என்று. இப்போது நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். முழு வி.எம்.ஐ.யில் அந்த வேண்டாம் என்பதைச் சொல்லும் ஆளே இல்லை. இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. இத்தாலியில் பார்மா நகரத்து பரில்லா பாஸ்தா கம்பெனி 1980களின் கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர்களின் ஸ்டாக்கைத் தானே நிரப்புவதாகக் கிளம்பியபோது, டிஸ்ட்ரிபியூட்டர்கள் எதிர்த்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். சொந்த சேல்ஸ் ஆட்களும் எதிர்த்தார்கள். நாலைந்து வாரத்துக்கு ஒரு டார்கெட், அதை எட்டினால் ஊக்கத்தொகை என்று பழகியவர்களுக்கு, தள்ளுகிற வேலையே இல்லாமல் போனால் சம்பளம் என்ன ஆவது என்ற கவலை. பரில்லாவின் நோக்கம் தள்ளுவதை நிறுத்துவது. எல்லாக் கம்பெனிக்கும் அந்த நோக்கம் இருக்கும் என்று நம்ப முடியாது. சப்ளையர் பக்கத்தில் நம் ஸ்டாக்கை நிரப்பும் ஆளுக்கு விற்பனை டார்கெட் இருக்கிறதா, அவர் சேல்ஸ் மேனேஜருக்குக் கீழே வேலை செய்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் அது வி.எம்.ஐ. அல்ல, ஆர்டர் புத்தகத்தை ரெப் கையில் கொடுத்ததுதான்.

தள்ளுகிறாரா என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, ஆனால் மாத மொத்தத்தைப் பார்த்தால் தெரியாது. அதே டயப்பரில், மாதத்துக்கு 1,200 விற்கிறது, 1,200 வந்திருக்கிறது. ரிப்போர்ட் பளிச்சென்று இருக்கும். வாரவாரியாகப் பிரித்துப் பாருங்கள்: 200, 220, 260, அப்புறம் கடைசி வாரம் 520. மாதச் சரக்கில் நூற்றுக்கு 43 கடைசி வாரத்தில் இறங்கியிருக்கிறது. முதல் மூன்று வாரம் ரேக்கில் இழுபறி, ஒன்றாம் தேதி குடோனில் நடக்க வழியில்லை. ஒவ்வொரு வாரமும் வந்த சரக்கை விற்ற சரக்கால் வகுத்து ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தால், இரண்டாவது மாதத்திலேயே கை நீட்டிக் காட்டலாம்.

இரண்டாவது, பேய் ஸ்டாக். இது சப்ளையர் தப்பே இல்லை, நம் கவுன்டரில் நடப்பது. ஒரே விலையுள்ள சோப்பு, நான்கு வாசனை. கஸ்டமர் ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்து வைக்கிறார். கேஷியர் சந்தன சோப்பை ஸ்கேன் செய்து, அளவு 4 என்று தட்டிவிடுகிறார், வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது யாரும் அதைத்தான் செய்வார்கள். பில் சரி, பணம் சரி. ஆனால் கம்ப்யூட்டரில் சந்தனம் 4 குறைந்தது, ரோஜா, எலுமிச்சை, வேம்பு மூன்றும் குறையவே இல்லை. இப்படியே நாலு வாரம் போனால் ரேக்கில் வேம்பு சோப்பு ஒன்றுகூட இல்லை, கம்ப்யூட்டரில் 30 இருக்கிறது. நம் ஆளே ஆர்டர் போடும்போது ரேக்கைக் கண்ணால் பார்த்துச் சரி செய்துகொள்வார். வி.எம்.ஐ.யில் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்த 30ஐ நம்புகிறார், சரக்கு அனுப்ப மாட்டார். சரக்கு இல்லாததால் விற்பனையும் இல்லை, விற்பனை இல்லாததால் அவருடைய கணிப்பும் இறங்குகிறது. சந்தனமோ வந்து குவிகிறது.

இதைப் பிடிக்க ஒரே ஒரு ரிப்போர்ட் போதும்: கம்ப்யூட்டரில் ஸ்டாக் இருக்கிறது, வழக்கமாகத் தினமும் விற்கும் ஐட்டம், 3 நாளாக ஒன்றுகூட விற்கவில்லை. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு காலையில் ரேக் ரேக்காக நடக்க ஒரு ஆள் வேண்டும். ஆகவே பர்ச்சேஸில் ஆளைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள், அந்த ஆளை இந்த வேலைக்கு மாற்றுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்டாக் கணக்கு சரியில்லாத கடை வி.எம்.ஐ.க்குப் போனால் குழப்பம் கூடுமே தவிரக் குறையாது. என்னைக் கேட்டால் இருபது ஐட்டத்தை எண்ணிப் பார்த்து, பதினெட்டு ஐட்டமாவது கம்ப்யூட்டரோடு ஒத்துப்போனால்தான் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஆஃபர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஸ்பார்ட்டன் ஸ்டோர்ஸ் என்ற மளிகை நிறுவனம் 1990களில் வி.எம்.ஐ.யைத் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடத்தில் கைவிட்டது. ஆர்டர் போடும் வேலையை விட்டும் வாங்குகிறவர்களின் நேரம் மிச்சமாகவில்லை, சப்ளையர்களை நம்ப முடியாமல் அவர்கள் அனுப்புவதையே கண்காணித்துக்கொண்டிருந்தார்கள், ஆஃபர் நாட்களின் விற்பனையைச் சப்ளையர்களால் சரியாகக் கணிக்கவும் முடியவில்லை. கேமார்ட் என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலியும் சப்ளையர்களின் கணிப்பில் திருப்தியில்லாமல் இந்த ஒப்பந்தங்களைப் பெருமளவு குறைத்தது. நாம் ஆடி ஆஃபர் போடுவதாக முடிவெடுத்து நோட்டீஸ் அச்சடித்துவிட்டு, வியாழக்கிழமை சாயங்காலம் சப்ளையருக்குச் சொன்னால், அவர் சிஸ்டத்துக்குத் தெரிந்தது போன மாதச் சராசரி 40தான். ஆஃபரில் 110 போகும், இரண்டாம் நாளே ரேக் காலி. அடுத்த வாரம் சிஸ்டம் அந்த 110ஐப் பார்த்து மிரண்டு லோடு லோடாக அனுப்பும், அப்போது விற்பனை 30க்கு இறங்கியிருக்கும், ஏனென்றால் எல்லாரும் வாங்கி அடுக்கிவிட்டார்கள். ஆஃபர் நாட்காட்டியை மூன்று நாலு வாரம் முன்னால் சொல்லும் பழக்கம் உங்கள் கடையில் இருக்கிறதா? பெரும்பாலான கடைகளில் முதலாளிக்கே புதன்கிழமைதான் தோன்றும். அப்படியிருந்தால் அடிக்கடி ஆஃபர் போகும் ஐட்டங்களுக்கு இரண்டாவது வழிதான் சரி, ஓகே சொல்லும் உரிமை நம்மிடம் இருக்கட்டும்.

சப்ளையர் நம் பர்ச்சேஸ் அறிவையே எடுத்துக்கொண்டு போய்விடுவார், பிறகு அவரை விட்டு வர முடியாது என்பார்கள். கொஞ்சம் உண்மை. ஆனால் டயப்பர் ஆர்டர் போடுவது திரும்பக் கற்க முடியாத வித்தை அல்ல. அதைவிட, அவருடைய ஐட்டங்களின் கணக்கை மட்டும் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போட்டிக் கம்பெனியின் விற்பனையும் சேர்ந்து போகும்படி ஃபைல் தயாரித்துவிடாதீர்கள், அது தகராறில் கொண்டுபோய் விடும்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்? பிராண்டடு டயப்பர், டிடர்ஜென்ட், சானிட்டரி நாப்கின் மாதிரி ஆண்டு முழுக்கச் சீராகப் போகிற, இடத்தை அடைக்கிற சரக்கில், வாரம் இரண்டு வண்டியாவது வந்தால், மூன்றாவது வழி. அழகு சாதனம் போன்ற மெதுவான, ரகம் அதிகமான சரக்கில் நான்காவது, கிடைத்தால். பிஸ்கட், கூல்டிரிங்ஸ், அடிக்கடி ஆஃபர் ஓடும் எல்லாவற்றிலும் இரண்டாவது. அரிசி, பருப்பு, மசாலாவில் உள்ளூர் மில்காரர் தருவது, சீசன் சரக்கு, தீபாவளிக்கு மட்டும் வருவது எல்லாம் முதல் வழியிலேயே இருக்கட்டும். அங்கே விலை தினம் மாறும், எப்போது வாங்குவது என்பதில்தான் லாபமே, அதை இன்னொருவரிடம் கொடுத்தால் கடை எதற்கு?

மூன்றாவதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தில் விடக் கூடாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எல்லை, அதுவும் பாக்கெட் கணக்கில் அல்ல, நாள் கணக்கில். டயப்பருக்கு 2 நாளுக்குக் கீழே போகக் கூடாது, 6 நாளுக்கு மேலே போகக் கூடாது என்கிற மாதிரி. பாக்கெட்டில் எழுதினால் விற்பனை பாதியானாலும் அதே 240 வந்துகொண்டிருக்கும். மேல் எல்லையைத் தாண்டி வந்த சரக்கை அவர் செலவில் திரும்ப எடுக்க வேண்டும், எடுக்கும்வரை அதற்குக் கிரெடிட் நாள் ஓடக் கூடாது. கீழ் எல்லைக்கும் ஒரு விலை வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டாக்கைக் குறைத்துக் காட்டிப் பேர் வாங்கிக்கொண்டு ரேக்கைக் காலியாக விடுவார். குறைவதை மட்டும் அளந்தால் குவிப்பார், குவிவதை மட்டும் அளந்தால் காயப்போடுவார், இரண்டையும் ஒரே தாளில் எழுதி வாரம் ஒரு முறை அவருடைய ஆளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் ஒரே சப்ளையர், பதினைந்து இருபது ஐட்டம், பண்டிகை எதுவும் குறுக்கே வராத மூன்று மாதம். பொங்கல் முடிந்து ஸ்டாக் எடுத்த கையோடு தொடங்கலாம், அப்போதுதான் கம்ப்யூட்டரும் ரேக்கும் ஒன்றாக இருக்கும்.